இழையின் நுனி செய்யும் வேலை

"அண்ணாச்சி, ஒரு பிரஷ் குடுங்க. ஹார்டா இருக்கட்டும். சாஃப்ட் வேண்டாம், தேய்ச்ச மாதிரியே இருக்காது."

மளிகைக் கடைகளில் இந்தப் பேச்சை இன்றும் கேட்கலாம். கேட்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவராக இருப்பார். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் கடித்துத் தேய்த்த வீட்டில் வளர்ந்தவர். ஈறு வரை உறைக்கிற மாதிரி தேய்த்தால்தான் வாய் சுத்தமானதாக அவருக்குத் தோன்றும். அதே தெருவில் உள்ள பல் டாக்டரிடம் போனால் அவர் நேர்மாறாகச் சொல்வார்: "சாஃப்ட் வாங்குங்க. முடிஞ்சா எக்ஸ்ட்ரா சாஃப்ட்." இரண்டில் எது சரி என்பதைத் தெரிந்துகொள்ள, பிரஷ் பல்லிலிருந்து எதை எடுக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் பல்லை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு போல ஒன்று ஒட்டி வரும். பல் மருத்துவத்தில் அதற்குப் பிளேக் என்று பெயர். கிருமிகளும் அவை சுரக்கும் பசையும் எச்சிலின் புரதங்களும் சேர்ந்து உருவான படலம் அது. வாய் கொப்பளித்தால் போகாது, ஆனால் எதுவாவது உரசினால் உடனே கலைந்துவிடும். அவ்வளவு மெத்தென்ற பொருள். ஈறு வீங்குவதற்கும் ரத்தம் கசிவதற்கும் சொத்தை விழுவதற்கும் இந்தப் படலமே முதல் காரணம்.

இதை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். அப்படி இறுகியதுதான் காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கத்திலும் இது அதிகமாகச் சேரும், ஏனென்றால் எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன. காரை கல் போல ஒட்டிவிட்ட பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. டாக்டரிடம் போய்க் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆக, பிரஷ்ஷால் எடுக்கக்கூடிய படலத்துக்கு முரட்டு இழை தேவையில்லை. முரட்டு இழை தேவைப்படும் அளவுக்கு இறுகிப்போன காரையோ எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. ஹார்ட் பிரஷ் வாங்குகிறவர் தனக்கு வேண்டாத ஒரு பலத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். முற்றத்துச் சருகைக் கூட்டத் தென்னஞ்சீமாறு வேண்டும். கூடத்துத் தரையில் படிந்த மெல்லிய தூசிக்குப் பூந்துடைப்பம்தான் எடுபடும். பல்லின் மேல் படிவது இந்த இரண்டாவது வகை.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்ற சொற்களுக்குப் பின்னால் இருப்பது இழையின் பருமன். சாஃப்ட் பிரஷ்ஷில் ஓர் இழை ஏறக்குறைய 0.15 முதல் 0.18 மில்லிமீட்டர் வரை இருக்கும். மீடியத்தில் 0.2 மில்லிமீட்டரை ஒட்டி. ஹார்டில் 0.25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் கம்பி போன்ற எந்தப் பொருளும் வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் பருமனின் நான்காம் மடிப்பில் கூடும். 0.15 மில்லிமீட்டர் இழையை 0.2 ஆக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேலே போய்விடும். 0.25 ஆக்கினால் ஏழரை மடங்கைத் தாண்டும். இழையின் நீளமும் கணக்கில் உண்டு: 11 மில்லிமீட்டர் இழையை 10 ஆகக் குறைத்தாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு கொத்தில் எத்தனை இழைகள், கொத்துகள் எவ்வளவு நெருக்கம் என்பதும் சேர்ந்தே தலையின் மொத்த விறைப்பை முடிவு செய்கின்றன. அதனால்தான் ஒரு கம்பெனியின் சாஃப்ட் இன்னொரு கம்பெனியின் மீடியம் போல உறுத்துகிறது. பாக்கெட்டின் சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். வாங்கி வந்த பிரஷ்ஷைக் கீழுதட்டின் உட்புறத்தில் லேசாக ஓட்டிப் பார்த்தால் குத்துகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மெல்லிய இழைக்கு இந்த மரியாதை வந்தது எழுபது, எண்பது ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முன்பு பிரஷ் என்றால் பன்றி முடி. சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த முடியை எலும்புக் கைப்பிடியில் துளையிட்டுக் கட்டுவார்கள். அந்த முடி ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகும், எளிதில் காயாது, உதிரவும் செய்யும். 1938-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிமுகப்படுத்தியதும் அதில் முதலில் விற்பனைக்கு வந்த பொருள்களில் ஒன்று பல் பிரஷ்தான். பெண்களின் காலுறை பிறகுதான் வந்தது. அந்த முதல் நைலான் பிரஷ்ஷின் இழைகள் மிகவும் விறைப்பானவை. ஈறு வலிக்கிறது என்று பலர் புகார் சொன்னார்கள். மென்மையான நைலான் இழை 1950-களில்தான் பரவலாகச் சந்தைக்கு வந்தது.

இடையில் ஒருவர் வந்தார். சார்லஸ் பாஸ் என்ற அவர் பல் டாக்டர் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் துலேன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த பொது மருத்துவர். மலேரியாக் கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டியவர்களில் ஒருவர். நுண்ணோக்கியோடு பழகிய அந்தக் கண்ணைப் பிற்காலத்தில் அவர் பல்லின் பக்கம் திருப்பினார். பல்லும் ஈறும் சேருமிடத்தில் ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். ஈறு நோய்க்குக் காரணமான படலம் அந்தப் பள்ளத்தின் வாயிலில்தான் ஆரம்பிக்கிறது என்பதால், பிரஷ் இழை அங்கே நுழைந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். 1948-இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரஷ் எப்படி இருக்க வேண்டும் என்று அளவுகளோடு சொன்னார். அவர் கேட்ட இழையின் பருமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு. நம் கணக்கில் 0.18 மில்லிமீட்டர். நுனிகள் உருண்டையாக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்டார். இன்று சாஃப்ட் என்று விற்கப்படுவது ஏறக்குறைய அவர் கேட்ட இழைதான்.

பாஸ் சொன்ன முறையும் அந்த இழைக்காகவே அமைந்தது. பிரஷ்ஷை ஈறின் விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வைக்க வேண்டும். இழை நுனிகள் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு நுனிகள் இடம் மாறாதபடி பிரஷ்ஷை அங்கேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். இப்படிச் செய்ய முரட்டு இழையால் முடியாது. அது வளைந்து பள்ளத்துக்குள் போகாது, ஈறின் விளிம்பை அறுக்கும். வலிப்பதால் தேய்ப்பவரும் அந்த இடத்தைத் தன்னையறியாமல் தவிர்த்துவிடுவார்.

நுனி உருண்டையாக இருக்க வேண்டும் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. நைலான் இழையை வெட்டியதும் அதன் முனை கத்தரித்த கம்பி போலக் கூராக, ஒரு பக்கம் பிசிறோடு நிற்கும். தொழிற்சாலையில் கொத்துகளைத் துளைகளில் பொருத்தி முடித்த பிறகு, நுனிகளைச் சுழலும் தேய்ப்பான்மேல் ஓட்டி உருண்டையாக்குவார்கள். இது செலவு பிடிக்கும் வேலை. மலிவான பிரஷ்களில் இதை அரைகுறையாக விட்டிருப்பார்கள். சந்தையில் கிடைக்கும் பிரஷ்களை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகளில், சில பிரஷ்களில் உருண்டையான நுனிகள் சிறுபான்மையாகவே இருந்தன. செல்போன் கேமராவில் மிக நெருங்கிப் படமெடுத்துப் பெரிதாக்கினால் ஓரளவுக்கு நாமே பார்க்கலாம். உருண்டை நுனி தீக்குச்சித் தலை போல மழுங்கித் தெரியும். வெட்டிய நுனி தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். நுனி ஊசி போல மெலிந்து செல்லும் இழைகளும் இப்போது விற்கின்றன. அவை ஈறுப் பள்ளத்துக்குள் நன்றாக இறங்குகின்றன. பல்லின் அகலமான பரப்பில் அவற்றால் பெரிய கூடுதல் லாபம் என்று உறுதியாகச் சொல்லும்படி ஆய்வுகள் இல்லை.

முரட்டுப் பிரஷ்ஷால் வரும் சேதம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணமாகப் பார்ப்போம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர். வலது கைப் பழக்கம். இருபது ஆண்டுகளாக ஹார்ட் பிரஷ், அதன்மேல் பல்பொடி, பக்கவாட்டில் ரம்பம் அறுப்பது போலத் தேய்ப்பார். ஐஸ் தண்ணீர் குடித்தால் மேல் இடது பக்கம் சுள்ளென்று கூசுகிறது என்று டாக்டரிடம் வருகிறார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், இடது பக்கக் கோரைப் பல்லிலும் அதற்கு அடுத்த முன்கடைவாய்ப் பற்களிலும் ஈறு ஓரிரு மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கும். ஈறு விட்டுப்போன இடத்தில் பல் மஞ்சளாகத் தெரியும். கருவியின் நுனியை அங்கே ஓட்டினால் பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு தட்டுப்படும். வலது பக்கத்தில் சேதம் குறைவு.

ஏன் இடது பக்கம்? வலது கைக்காரரின் பிரஷ் இடது பக்கத்து வெளிப்பரப்பில் நேராக, தடையில்லாமல் ஓடுகிறது. தேய்க்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். கோரைப் பல் வரிசையின் வளைவில் முன்னால் துருத்தி நிற்பதால் அடி முழுவதையும் அது வாங்குகிறது. டாக்டர்கள் இந்த வடிவத்தைப் பார்த்ததும், "சார், நீங்க வலது கையாலதானே தேய்க்கிறீங்க?" என்று கேட்பது இதை வைத்துத்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, அதை மறைத்துச் சொல்வது நியாயமாகாது. பல்லைத் தேய்த்துக் கரைத்தது வெறும் நைலான் இழை இல்லை. எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். பேஸ்ட் இல்லாமல் நைலானை மட்டும் ஓட்டினால் அதில் கீறல்கூட விழாது. தேய்ப்பது பேஸ்ட்டிலும் பொடியிலும் உள்ள சொரசொரப்பான துகள்கள். பிரஷ் அவற்றை இழுத்துக்கொண்டு போகும் வாகனம். ஈறு ஏறி வேர் வெளியே தெரிந்த பிறகு, அங்கே எனாமல் கிடையாது. வேரின்மேல் உள்ள மெல்லிய பூச்சு சீக்கிரமே தேய்ந்துபோக, அடியில் உள்ள டென்டின் எனாமலைவிடப் பல மடங்கு மிருதுவானது என்பதால் துகள்கள் அதைச் சுலபமாகக் குடைகின்றன. செங்கல் பொடி, கரித்தூள், சாம்பல், உப்பு எல்லாம் இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். புளிப்பான சாப்பாடும் பானமும் பல்லின் மேற்பரப்பைத் தற்காலிகமாக இளக வைப்பதால், எலுமிச்சை ஜூஸ் குடித்த கையோடு பல் தேய்த்தால் தேய்மானம் கூடும். பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமும் சில சமயம் இதில் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் சாஃப்ட் பிரஷ் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. ஆய்வகத்தில் சோதித்தபோது மென்மையான, நெருக்கமான இழைகள் பேஸ்ட்டை அதிகமாகப் பிடித்துவைத்து டென்டினைத் தேய்த்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஈறில் கீறலும் புண்ணும் முரட்டு இழையால்தான் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஒருமுறை ஏறிய ஈறு தானாகத் திரும்பி இறங்கி வராது. மேலண்ணத்திலிருந்து திசுவை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சைதான் வழி. பல்லின் குழியை அடைத்துவிடலாம், ஈறை அப்படி அடைக்க முடியாது. அதனால்தான் டாக்டர்கள் சாஃப்ட் என்பதோடு நிறுத்தாமல் கையின் அழுத்தத்தையும் குறைக்கச் சொல்கிறார்கள்.

அழுத்தத்தை வீட்டிலேயே அளக்கலாம். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். அதன்மேல் ஒரு தட்டையான தட்டை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பல் தேய்ப்பது போலவே பிரஷ்ஷை அந்தத் தட்டில் தேய்க்க வேண்டும். எண்ணைப் பார்த்துக்கொண்டே தேய்த்தால் கை தானாக மெதுவாகிவிடும் என்பதால், வேறொருவரை எண்ணைப் படிக்கச் சொல்வது நல்லது. படலத்தை எடுக்க 150 முதல் 200 கிராம் வரை காட்டினால் தாராளம். 400, 500 என்று ஓடினால் பிரஷ்ஷைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: இழைகள் மடிந்து படுத்திருக்கும், நுனிகள் தட்டைத் தொடவே தொடாது. சுத்தம் செய்வது நுனிதான். இழை படுத்துவிட்டால் அதன் விலா மட்டும் பல்லின் உப்பலான பகுதியில் வழுக்கிக்கொண்டு ஓடும். பல் இடுக்கும் ஈறுப் பள்ளமும் அப்படியே விட்டுப்போகும். பலமாகத் தேய்க்கிறவர் வாயில் படலம் மிஞ்சுவதும் ஈறு ஏறுவதும் ஒன்றாக நடப்பது இப்படித்தான். சில எலக்ட்ரிக் பிரஷ்களில் அழுத்தம் மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும் வசதி வைத்திருப்பதும் இதற்காகவே.

அடுத்தது தலையின் அளவு. பெரிய தலை என்றால் ஒரே இழுப்பில் நிறைய பற்கள் சுத்தமாகும் என்று தோன்றும். வாயின் முன்பக்கத்துக்கு அது ஓரளவு சரி. சிக்கல் கடைசியில் இருக்கிறது. மேல் வரிசையின் கடைசிக் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்பக்கத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள இடம் மிகவும் ஒடுக்கம். பெரிய தலை அங்கே பாதி நுழைந்து கன்னத்தில் முட்டி நிற்கும். கடைசிப் பல்லின் பின்பக்கத்தை அது தொடுவதே இல்லை. சொத்தையும் ஈறு நோயும் கடைசிப் பற்களில் அதிகமாகத் தங்குவதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பெரியவர்களுக்கான பிரஷ் தலைக்கு முன்பு ஓர் அளவு சொல்லியிருந்தது. நீளம் 25 முதல் 32 மில்லிமீட்டர், அகலம் 8 முதல் 9.5 மில்லிமீட்டர். இன்று டாக்டர்கள் பலர் இதில் சிறிய அளவையே விரும்புகிறார்கள். ஒரு கடைவாய்ப் பல்லின் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தலை இரண்டு, மிஞ்சினால் இரண்டரைப் பல்லை மூடினால் சரியான அளவு. தாடை சிறியவர்கள், பிரஷ் உள்ளே போனாலே குமட்டல் வருகிறவர்கள், ஞானப்பல் உள்ளவர்கள் ஆகியோர் பெரியவர்களாக இருந்தாலும் சிறுவர்களுக்கான தலையைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. தலையின் தடிமனையும் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கனமாக இருந்தால் இழையோடு சேர்த்து உயரம் கூடி, ஒடுக்கமான இடத்தில் அதுவே தடையாகிவிடும்.

மேல் கடைசிப் பல்லை எட்ட இன்னொரு வழியும் உண்டு. வாயை ஆவென்று அகலத் திறந்தால் இடம் கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை ஒன்று வாயைத் திறக்கத் திறக்க முன்னோக்கி வந்து, அந்தக் கன்ன இடைவெளியை அடைத்துக்கொள்ளும். வாயைப் பாதி மூடி, தாடையை லேசாக அந்தப் பக்கம் தள்ளினால் இடைவெளி விரியும். இப்போது பிரஷ் சுலபமாகப் பின்னால் போகும். இன்றிரவே கண்ணாடி முன் நின்று செய்து பார்க்கலாம். வித்தியாசம் உடனே தெரியும்.

சிறிய தலைக்கு ஒரு விலை உண்டு, அது நேரம். 28 பற்களை இரண்டு நிமிடத்தில் தேய்த்தால் ஒரு பல்லுக்கு நான்கு வினாடிதான் கிடைக்கும். அதற்குள் வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பரப்பு மூன்றும் முடிய வேண்டும். இரண்டு நிமிடம் தேய்த்ததாக நினைப்பவர்களைக் கடிகாரம் வைத்து அளந்தால் பலர் ஒரு நிமிடத்தை ஒட்டியே நிற்கிறார்கள். தலை சிறியதாகி நேரமும் குறைந்தால் பற்கள் விட்டுப்போகும். சிறிய தலைக்கு மாறுகிறவர் முதல் சில நாட்கள் செல்போனில் நேரம் வைத்துத் தேய்ப்பது நல்லது.

கைப்பிடி விஷயத்தில் விளம்பரங்கள் அளவுக்கு மிஞ்சிப் பேசுகின்றன. வளைந்த கழுத்து, ஸ்பிரிங் போல் ஆடும் கழுத்து, நேர்க்கோட்டுக் கைப்பிடி என்று எத்தனையோ வடிவங்கள் உண்டு. ஆரோக்கியமான கையுள்ள ஒருவருக்கு இவற்றில் எது சிறந்தது என்று நிரூபணமாகவில்லை. பாஸ் கேட்டது நேரான, சாதாரணக் கைப்பிடிதான். கைப்பிடியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதுதான் அதிகம் கணக்கில் வருகிறது. முஷ்டியில் இறுகப் பிடித்தால் முழங்கை, தோள் வரை பலம் இறங்கும். அந்த ஐநூறு கிராம் அங்கிருந்துதான் வருகிறது. பேனாவைப் பிடிப்பது போல விரல்நுனிகளில் பிடித்தால் அவ்வளவு அழுத்தம் கொடுக்கவே முடியாது. தராசு வைத்துப் பார்த்தவர்கள் பிடியை மட்டும் மாற்றி மறுபடி தேய்த்துப் பார்த்தால் எண் இறங்குவதைக் காணலாம்.

கைப்பிடி உண்மையிலேயே முக்கியமாகும் இடங்கள் இரண்டு. ஒன்று குழந்தைகள். அவர்களால் மெல்லிய குச்சியைச் சுழற்றிப் பிடிக்க முடியாது. அதனால் அவர்கள் பிரஷ்ஷின் கைப்பிடி பருமனாகவும் தலை சிறியதாகவும் இருக்கும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் பின்னால் நின்று தேய்த்துவிட வேண்டும் என்பதால், பெரியவர் கைக்கும் எட்டுகிற நீளமும் வேண்டும். மற்றொன்று விரல் மூட்டுகளில் வாதம் வந்தவர்கள், பக்கவாதத்தில் பிடி பலம் குறைந்தவர்கள். அவர்களுக்கு விரலை முழுதாக மடக்க முடியாது. அதனால் கைப்பிடியைத் தடிப்பாக்கித் தர வேண்டும். இதற்கு ஸ்பெஷல் பிரஷ் தேடி அலைய வேண்டியதில்லை. சைக்கிள் கடையில் கிடைக்கும் ஹேண்டில்பார் ரப்பர் உறையைச் செருகினால் போதும். இல்லையென்றால் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு போடலாம். துணியை மட்டும் அடிக்கடி மாற்றிக் காயவைக்க வேண்டும்.

இனி, எப்போது மாற்றுவது? மூன்று அல்லது நான்கு மாதம் என்பதுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் உட்படப் பல அமைப்புகள் சொல்லும் கணக்கு. இழைகள் அதற்கு முன்பே விரிந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. ஆனால் மக்கள் மனதில் தங்குவது முதல் பாதி மட்டும்.

உண்மையில் இரண்டாம் பாதிக்குத்தான் கனம் அதிகம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் மூன்று மாதத்தில் ஒரு பிரஷ் ஆறு மணி நேரம் உழைக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில் ஒவ்வோர் இழையும் கணக்கில்லாத முறை வளைந்து நிமிர்கிறது. நைலான் ஈரத்தில் இளகும், காய்ந்ததும் விறைக்கும். வளைவு எல்லை மீறினால் நிமிர மறந்துவிடும். எத்தனை நாளில் அப்படி ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பழைய பிரஷ்ஷையும் புதிய பிரஷ்ஷையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில், மூன்று மாதமாகியும் இழை விரியாத பிரஷ் புதியதற்கு இணையாகச் சுத்தம் செய்தது. நன்றாக விரிந்துபோன பிரஷ்தான் பின்தங்கியது. காரணம் தராசுச் சோதனையில் பார்த்ததுதான்: வெளியே சாய்ந்த இழையின் நுனி, போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. அது ஈறை உரசிக்கொண்டு நிற்கும்.

விரிந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி, பிரஷ்ஷைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது. தலையின் பிளாஸ்டிக் விளிம்புக்கு வெளியே இழைகள் எட்டிப் பார்த்தால் அதன் காலம் முடிந்தது. இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றாலும், வேரில் வெள்ளையாகப் பேஸ்ட் இறுகிப் படிந்திருந்தாலும், கொத்து ஒன்று உதிர்ந்தாலும் அதே முடிவுதான். ஒவ்வொரு கொத்தும் நடுவில் மடிக்கப்பட்டு, ஒரு சின்ன உலோகத் துண்டால் துளைக்குள் இறுக்கப்பட்டிருக்கும்; கொத்து உதிர்ந்தால் அந்த உலோகம் ஈறில் குத்தலாம். நிறம் மங்கும் இழைகளை வைத்துச் சில பிரஷ்களில் நினைவூட்டல் செய்கிறார்கள். நிறம் மங்குவது கழுவலால் நடப்பது. இழை விரிந்ததா என்று அது சொல்லாது. அதைப் பார்த்தாலும் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

எத்தனை நாளில் விரிகிறது என்பதே ஒரு தகவல். புதுப் பிரஷ் மூன்று, நான்கு வாரத்திலேயே மலர்ந்துவிடுகிறது என்றால் பிரஷ்மேல் பழி போட வேண்டாம், கை பலமாக அழுத்துகிறது என்று பொருள். இந்த நிலையில் "இது சாஃப்டா இருக்கு, சீக்கிரம் போயிடுது" என்று மீடியத்துக்கு மாறுகிறவர்கள் நிறைய. பிரஷ் நீண்ட நாள் தாங்கும், ஈறு தாங்காது. கொதிக்கும் தண்ணீரில் பிரஷ்ஷை முக்குவதும் இழையைச் சீக்கிரம் கெடுக்கும். குழந்தைகள் பிரஷ்ஷைக் கடித்து மெல்வார்கள். பற்களுக்குக் கம்பி கட்டியவர்களின் பிரஷ் உலோகத்தில் உரசுவதால் விரைவில் பிய்ந்துபோகும். இவர்களுக்கு மூன்று மாதக் கணக்கு பொருந்தாது. சில சமயம் ஒன்றரை மாதத்திலேயே மாற்ற வேண்டிவரும்.

காய்ச்சல், சளி வந்து போன பிறகு பிரஷ்ஷை மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பிரஷ்ஷில் கிருமி இருப்பது உண்மை, ஆனால் அவை ஏற்கெனவே அந்த வாயில் வாழ்கிறவை. தன் பிரஷ்ஷாலேயே தனக்கு நோய் திரும்ப வந்ததற்குச் சான்று இல்லை என்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்ன கருத்து. மாற்றினால் நட்டமில்லை, ஆனால் கட்டாயமுமில்லை. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டு நடப்பது நல்லது. ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் பயன்படுத்துவது மட்டும் எந்த வீட்டிலும் கூடாது. ஈறில் கசியும் ரத்தத்தின் வழியாக ஹெபடைடிஸ் பி, சி போன்றவை தொற்ற வாய்ப்புண்டு.

மைக்ரோவேவில் வைப்பது, கிருமிநாசினியில் ஊறப்போடுவது எதுவும் தேவையில்லை. தேய்த்து முடித்ததும் ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷைக் கழுவி, கட்டைவிரலால் இழை வேரைத் தேய்த்துப் பேஸ்ட்டை எடுத்துவிட்டு, உதறி, தலை மேலே இருக்கும்படி காற்றில் நிறுத்தி வைத்தால் போதும். வீட்டில் ஐந்து பிரஷ்களும் ஒரே டம்ளரில் தலையோடு தலை மோதி நிற்கக்கூடாது. பிளாஸ்டிக் மூடி போட்டு வைத்தால் ஈரம் அடைபட்டு, கிருமிகள் பெருக வசதியாகிவிடும். மூடி ஊருக்குப் போகும்போது பைக்குள் வைப்பதற்கு மட்டும்; போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் பிரஷ் ஒரு பகலில் காயாது. அப்போது இரண்டு பிரஷ்களை வைத்துக்கொண்டு காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இழை முழுதாகக் காய்ந்து விறைப்பு திரும்ப அதற்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கும்.